பிரதிவாதி என்றால் குற்றவாளி இல்லை

வரப்புத் தகராறில் அப்பாவுக்கு சம்மன் வந்தது. தன் பெயருக்குப் பக்கத்தில் 'பிரதிவாதி' என்று பார்த்ததும் ஆடிப்போயிட்டார். சிவில் வழக்கில் அது குற்றவாளி இல்லைங்க. வழக்குப் போட்டவர் வாதி, யார் மேல போட்டாரோ அவர் பிரதிவாதி, அவ்வளவுதான்.

வழக்கு முடியும்வரை வேலி போடக்கூடாது என்று கோர்ட் சொன்னால் அது உத்தரவு. கடைசியில் காரணங்களோடு சொல்வது தீர்ப்பு. அதன்படி யாருக்கு என்ன உரிமை என்று எழுதித் தருவது தீர்ப்பாணை, பேச்சில் டிகிரி. அமலாக்குவது இதைத்தான்.

சம்மன் கிடைத்தும் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது நம் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாணை வந்துவிடலாம். அதை நீக்கச் சொல்லி மனுப்போட டிகிரி தேதியிலிருந்து 30 நாள்தான். அப்பா 22ஆம் நாளே வக்கீல் வைத்து எதிருரை தாக்கல் செய்துவிட்டார்.