பத்தாயிரம் ரூபாய் போன்: ஒரு மாதம் கழித்து

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எல்லா போனும் வேகமாகத்தான் ஓடும். அதன் குணம் தெரிய ஒரு மாதமாவது ஆகும்.

கோவையில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் வாங்கியது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், 5000 எம்ஏஎச் பேட்டரி கொண்ட போன். பேட்டரியில் குறையே இல்லை. நாள் முழுக்க மேப்பும் சவாரி ஆப்பும் ஓடியும் இரவு வரை தாங்குகிறது. ஆனால் கூடவே வந்த 10 வாட் சார்ஜரில் முழுதாக ஏற மூன்று மணி நேரம் பிடிக்கிறது.

சிக்கல் ரேமில். மேப் ஓடும்போது யுபிஐ ஆப்பைத் திறந்து, பணம் வந்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால், மேப் முதலிலிருந்து திறக்கிறது. ரேமில் இடம் போதாமல் ஆண்ட்ராய்டு அதை மூடிவிடுகிறது. பெட்டியில் ‘8 ஜிபி வரை’ என்று போட்டிருந்தாலும், அதில் பாதி சேமிப்பிடத்திலிருந்து வாங்கிய கடன். உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது.

வாட்ஸ்அப் வீடியோக்கள் தானாக இறங்குவதை நிறுத்தி, வேண்டாத ஆப்களை நீக்கியதும் சேமிப்பிடம் காலியாகி, போன் ஓரளவு சுறுசுறுப்பானது. மேப் மூடிக்கொள்வது மட்டும் தீரவில்லை. அழைப்பு, வாட்ஸ்அப், யூடியூப் போதும் என்பவர் இதைத் தயங்காமல் வாங்கலாம். இரண்டு ஆப்களை மாறி மாறிப் பயன்படுத்துபவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, 6 ஜிபி ரேம் உள்ளதைப் பார்ப்பது நல்லது.