‘அதெல்லாம் பார்த்தாச்சு’

அப்ரைசல் சமயத்தில் ஒரு மெயில் வந்தது. எங்களோடு வேலை பார்க்கும் ஒரு சீனியர் பொறியாளரைப் பற்றி நான் கருத்து எழுத வேண்டும். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: அவர் எதைத் தொடர வேண்டும், எதை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் கட்டம் ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிட்டது, ஏனென்றால் எங்கள் குழுவில் அவரைப்போல் கோடு எழுதத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. இரண்டாவதில், ‘மீட்டிங்கில் ஆணவமாக நடந்துகொள்கிறார், அடுத்தவர் பேச்சை மதிப்பதில்லை’ என்று எழுதினேன். அதை உடனே அனுப்பாமல் ஒரு நாள் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இதை 360 டிகிரி மதிப்பீடு என்கிறார்கள். மேலதிகாரி ஒருவர் மட்டும் மார்க் போடாமல், கூட வேலை செய்பவர்கள், கீழே வேலை செய்பவர்கள், சம்பந்தப்பட்டவர் என எல்லோரும் எழுதுவார்கள். சக ஊழியர்கள் எழுதியது பெரும்பாலும் பெயர் இல்லாமல், ஆனால் எழுதிய வார்த்தை மாறாமல், அவர் கைக்குப் போகும். அதாவது நான் எழுதிய ‘ஆணவம்’ என்ற சொல்லை அவர் அப்படியே படிப்பார். படித்ததும் இதை எழுதியது யார் என்றுதான் யோசிப்பார். எந்த மீட்டிங்கில் என்ன நடந்தது என்று யோசிக்க அந்த வாக்கியத்தில் அவருக்கு ஒரு பிடியும் இல்லை.

இது என் ஊகம் மட்டுமல்ல. 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஃபீட்பேக் பற்றி அதுவரை நடந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் ஃபீட்பேக் பலன் தருகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில், சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பத் திரும்ப அதன் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆகவே அந்த வரியை அழித்துவிட்டு, உண்மையில் என்ன பார்த்தேன் என்று யோசித்தேன். ஒரு சம்பவம் தெளிவாக நினைவுக்கு வந்தது. பணம் செலுத்தும் பகுதியின் டிசைன் மீட்டிங் அது. வங்கியிலிருந்து பதில் வரத் தாமதமானால் ஆப் மறுபடி முயற்சி செய்யும். அப்போது ஒரே பணம் இரண்டு தடவை போய்விடாதா என்று டெஸ்டிங்கில் இருக்கும் ஒரு பெண் கேட்க ஆரம்பித்தார். கேள்வி பாதியில் இருக்கும்போதே, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “அதெல்லாம் பார்த்தாச்சு, அடுத்தது போலாம்” என்றார் இவர்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரே ஆர்டர் எண்ணில் இரண்டாவது கோரிக்கை வந்தால் நிராகரிக்கும்படி ஏற்கெனவே எழுதியிருந்தார். அந்தப் பெண் சொல்ல வந்ததன் மறுபாதி வேறு. வாடிக்கையாளர் பொறுமை இழந்து ஆப்பை மூடித் திறந்தால் புது ஆர்டர் எண் உருவாகிறது. பழைய எண்ணைப் பார்த்துத் தடுக்கும் காவல் அங்கே வேலை செய்யாது. அந்த மறுபாதி மீட்டிங்கில் வெளிவரவே இல்லை. ஒன்பது நாள் கழித்து, ரிலீஸுக்கு முந்தைய நாள் மாலை, எனக்குத் தனியாக சாட்டில் வந்தது. ரிலீஸ் இரண்டு நாள் தள்ளிப்போயிற்று.

இதை எழுதினால் போதும் என்று புரிந்தது. எந்த இடத்தில், என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்ற மூன்றையும் மட்டும் எழுதும் இந்த முறையை அமெரிக்காவின் ‘சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்’ என்ற நிறுவனம் பல காலமாகச் சொல்லித் தருகிறது. படிக்கச் சுலபமாக இருந்தாலும் நடு வரியில்தான் எல்லோருக்கும் கை வழுக்கும். ‘அலட்சியமாகப் பதில் சொன்னார்’ என்று எழுதினால் அது மறுபடி என் தீர்ப்பு. ‘கேள்வி முடியும் முன் பதில் சொன்னார், திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை’ என்பது ஒரு கேமரா இருந்திருந்தால் அதுவும் பதிவு செய்திருக்கும் விஷயம். அதை அவர் மறுக்க முடியாது.

ஆனால் சம்பவத்தைத் துல்லியமாக எழுத எழுத ஆள் அடையாளம் தெரிந்துவிடும். கேள்வி கேட்டது யார் என்று அவருக்கு நினைவிருக்காதா? அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “மீட்டிங்ல நடந்ததை எழுதுங்கண்ணா, எல்லாருந்தான் இருந்தாங்க. நான் உங்களுக்கு சாட்ல அனுப்பினதை மட்டும் எழுதாதீங்க” என்றார். நியாயமான கோடு. நான் அறையில் நேரில் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். டீக்கடையில் மற்றவர்கள் சொன்ன கதைகள் இன்னும் காரமாக இருந்தன. அவர்கள் கதையை அவர்கள்தான் எழுத வேண்டும். நானும் சேர்த்து எழுதினால், ஒரே சம்பவம் மூன்று பேர் புகாராகி, நடந்ததைவிடப் பெரிதாகத் தெரியும்.

இன்னொன்றும் செய்தேன். படிவத்தை அனுப்பும் முன் அவரிடம் நேரில் பேசினேன். வருடம் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டு, பெயரில்லாத கட்டத்தில் முதல்முறையாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் அவர் முகம் சுருங்கியது. பிறகு, “நான் பதினஞ்சு பக்கம் எழுதி அனுப்பறேன், ஒருத்தரும் படிக்காம வந்து அதே கேள்வியைக் கேக்கறாங்க பாஸ்” என்றார். திரும்பிப்போய் மெயில்களைப் பார்த்தேன். அந்த ஆவணம் மீட்டிங்குக்கு நாற்பது நிமிடம் முன்னால் வந்திருந்தது. அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தில் அவர் பங்கும் இருந்தது. இது தெரியாமல் எழுதியிருந்தால் என் கருத்தில் பாதிதான் உண்மை இருந்திருக்கும்.

கடைசியில் இரண்டாவது கட்டத்தில் நான் எழுதியது இது:

“பணம் செலுத்தும் பகுதியின் டிசைன் மீட்டிங்கில், இரட்டைக் கட்டணம் பற்றிய கேள்வி முடியும் முன்பே ‘பார்த்தாச்சு’ என்று பதில் சொன்னீர்கள். கேள்வியின் மறுபாதி, அதாவது ஆப்பை மூடித் திறந்தால் என்ன ஆகும் என்பது, அன்று பேசப்படவில்லை. அது ரிலீஸுக்கு முந்தைய நாள்தான் நம் கைக்கு வந்தது. அந்த மீட்டிங்குக்குப் பிறகு நானும் உங்களிடம் இரண்டு சந்தேகங்களைக் கேட்காமல் விட்டேன். டிசைன் ஆவணம் ஒரு நாள் முன்னால் வந்தால் நாங்கள் படித்துவிட்டு வருவோம். கேள்வி முடிந்ததும் ‘நீங்கள் கேட்பது இதுதானே’ என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.”

நடுவில் இருக்கும் ‘நானும்’ என்ற வாக்கியத்தை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. குழுவே பயப்படுகிறது என்று எழுதுவது சுலபம். ஆனால் குழுவின் மனதை நான் அளந்து பார்க்கவில்லை, என் மௌனத்துக்கு மட்டும்தான் நான் சாட்சி. முதல் கட்டத்தில் எழுதிய பாராட்டை இங்கே கொண்டுவந்து இதன் முன்னும் பின்னும் பூசவும் இல்லை. அப்படிப் பூசினால் பாராட்டும் பொய்யாகத் தோன்றும், குறையும் காதில் விழாது.

ஆவணம் ஒரு நாள் முன்னால் வருவது அடுத்த மீட்டிங்கிலிருந்தே ஆரம்பித்துவிட்டது. அது அவருக்குச் சுலபம், காலண்டரில் ஒரு நினைவூட்டல் போதும். கேள்வியை முழுதாகக் கேட்பது அப்படி வரவில்லை. சாதாரண நாட்களில் கேட்கிறார், ரிலீஸ் நெருங்கும் வாரத்தில் பழைய “பார்த்தாச்சு” திரும்பி வருகிறது. அப்போது நான் அடுத்த வருடப் படிவத்துக்காகக் குறித்து வைப்பதில்லை. “ஒரு நிமிஷம், அவங்க முடிக்கட்டும்” என்று அங்கேயே சொல்கிறேன். லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டு, “சரி, சொல்லுங்க” என்கிறார்.