நாயோடு நடக்கும் தொழில்

சென்னையின் ஓ.எம்.ஆர். பக்கம் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் நாயை நடத்திக் கூட்டிவர ஆள் தேவைப்படுகிறது. கடை, வண்டி எதுவும் வேண்டாம். உறுதியான கயிறு, மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ், கழிவள்ளும் பைகள், முதலுதவிப் பெட்டி போதும். சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிவிடலாம்.

வருமானத்துக்கு எல்லை போடுவது கடிகாரம்தான். வெயில் ஏறினால் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து நொடி தாங்க முடியாவிட்டால் நடத்தக் கூடாது. அதனால் காலை ஆறிலிருந்து எட்டரை, எட்டேமுக்கால் வரைதான் வேலை நேரம். அரை மணி நடை, வீட்டுக்குப் போய் அழைத்துவந்து திரும்ப விட பத்து நிமிடம் என்றால் நான்கு நாய்கள்தான் முடியும். மாலையிலும் அதே நான்கு. இரண்டு வேளைக்கும் சேர்த்து நாய்க்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தால், வரவு 12,000. இரண்டு நாய்களைச் சேர்த்து நடத்தினால் கூடுதலாக வரும். ஆனால் ஒன்று மற்றொன்றின் மேல் பாய்ந்தால் பிடிக்க இருப்பது இரண்டு கைகள்தான்.

ஊருக்குப் போகிறவர்களின் நாயை அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது அடுத்த வரும்படி. தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறையில்தான் இதற்கு அழைப்பு குவியும். தீபாவளியில் ஆபத்தும் அதிகம். வெடிச்சத்தத்தில் மிரண்ட நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடும்.

லிஃப்ட் கதவு திறக்கும்போது நிற்கும் குழந்தையை நாய் கடித்துவிட்டால் யார் பொறுப்பு? உரிமையாளர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, விலங்கைத் தன்வசம் வைத்திருப்பவரின் கவனக்குறைவைத்தான் தண்டிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கயிறு உங்கள் கையில் இருந்த நேரத்துக்கு நீங்களும் பதில் சொல்லவேண்டி வரலாம். இழப்பீட்டு வழக்கு இதற்கு மேல்.

எனவே முதல் நாளே எழுதி வாங்குங்கள்: முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா, ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, மாநகராட்சி உரிமம், எந்தக் கால்நடை மருத்துவரிடம் போவது, அவசரத்தில் எவ்வளவு வரை செலவு செய்யலாம். வீட்டுச் சாவி வாங்கிய தேதியும் அதில் இருக்கட்டும். அசோசியேஷனிடம் எந்த லிஃப்ட், எந்தப் பாதை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கடிபடுவதற்கு முன்பே போடும் ரேபிஸ் தடுப்பூசியை நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். கடிபட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். காலை, மாலை ஓய்வாக இருப்பவருக்குத் துணை வருமானமாக நிற்கும். கடித்த வரலாற்றை மறைக்கும் உரிமையாளரின் நாயை மட்டும், எவ்வளவு கொடுத்தாலும், ஏற்காதீர்கள்.