அழிப்பானின் மூன்று அளவுகள்

பட்டுப்புடவை உடுத்திய பெண்ணின் படத்திலிருந்து பின்னாலிருக்கும் சுவரை மட்டும் நீக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் அழிப்பானை எடுத்ததும் பலர் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். தோள் வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறது, கூந்தலைச் சுற்றிச் சுவரின் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஹார்ட்னெஸ். இது தூரிகையின் ஓரம் எவ்வளவு கூர்மை என்பதைச் சொல்கிறது. புகைப்படத்தில் எந்த விளிம்பும் கத்திமுனை போல் இருப்பதில்லை, ஓரிரு பிக்சல் கலங்கியே இருக்கும். அதனால் தோளுக்கு 100 வேண்டாம், 85 அல்லது 90 போதும். கூந்தலுக்கு 0.

ஒப்பாசிட்டியும் ஃப்ளோவும்தான் குழப்புபவை. ஒப்பாசிட்டி 50 என்றால், மவுஸை விடாமல் எத்தனை முறை தேய்த்தாலும் பாதிதான் அழியும். விட்டுவிட்டு மறுபடி தேய்த்தால் மீதியில் பாதி போகும், கால் பங்கு நிற்கும். ஃப்ளோ அப்படியல்ல. அது அழியும் வேகம். மவுஸை விடாமல் அதே இடத்தில் தேய்க்கத் தேய்க்க, ஒப்பாசிட்டி வைத்த எல்லைவரை அழிவு கூடிக்கொண்டே போகும். கூந்தலின் நுனிக்கு ஒப்பாசிட்டி 100, ஃப்ளோ 10 என்று வைத்து வெளியிலிருந்து உள்நோக்கி மெல்ல வருவது நல்லது.

வேலையைத் தொடங்கும் முன் லேயரை நகலெடுத்து, மூலத்தை மறைத்துவிட வேண்டும். பூட்டிய பின்னணி லேயரில் அழித்தால் வெறுமைக்குப் பதில் பின்னணி நிறமே விழும். நகலுக்கு அடியில் அடர்பச்சை லேயர் ஒன்றை வைத்தால், அரைகுறையாக அழிந்த சுவர் மங்கிய திட்டுகளாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

காற்றில் பறக்கும் ஒற்றை மயிரிழைகளை மட்டும் எந்த அளவாலும் காப்பாற்ற முடியாது. அவற்றை அழித்துவிட்டு, மெல்லிய தூரிகையால் சிலவற்றை வரைந்துவிடுவதே வழி.