வட்டி எத்தனை சதவீதம் என்பது மட்டும் போதாது

ஒரு லட்சம் ரூபாயை ஐந்து ஆண்டுக்கு டெபாசிட் போடப் போகிறீர்கள். வட்டி 7 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்ந்தால் முடிவில் 1,40,255 ரூபாய் கிடைக்கும். நம் வங்கிகளின் வழக்கப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்தால் 1,41,478. மாதாமாதம் சேர்த்தாலும் 1,41,763தான். காலாண்டுக்கும் மாதத்துக்கும் ஐந்து ஆண்டில் வித்தியாசம் 285 ரூபாய். அதே நேரம், கால் சதவீதம் கூடுதலாக, 7.25 தரும் வங்கியில் காலாண்டுக் கூட்டுவட்டியில் போட்டால் 1,43,226 வரும். ஆகவே முதலில் வட்டி விகிதத்தைப் பாருங்கள். எத்தனை முறை சேர்க்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி.

கைபேசியிலோ கணினியிலோ எக்செல் இருந்தால் நீங்களே கணக்கிடலாம்:

```
=100000*(1+7%/4)^(4*5)
```

இதில் 4 என்பது ஆண்டுக்கு நான்கு முறை, 5 என்பது ஆண்டுகள். மாத வட்டிக்கு இரண்டு இடத்திலும் 4க்குப் பதில் 12 போடுங்கள்.

இந்தக் கணக்கு ஒரு விஷயத்தைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது: வட்டி வெளியே போகாமல் அசலிலேயே சேர்கிறது என்று. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வங்கிப் படிவத்தில் காலாண்டு வட்டியைக் கையில் வாங்கிக்கொள்ளும் விருப்பத்தில் டிக் அடித்துவிட்டால், மூன்று மாதத்துக்கு 1,750 வீதம் மொத்த வட்டி 35,000 மட்டுமே. மாதச் செலவுக்குப் பணம் தேவைப்படுவோருக்கு அது சரி, சேமிப்பவருக்கு நஷ்டம்.

அஞ்சலக ஐந்தாண்டு டெபாசிட்டிலும் இதைக் கவனிக்க வேண்டும். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 7.5 சதவீதமானது. காலாண்டுக் கூட்டுவட்டியாகக் கணக்கிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை வெளியே கொடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது. லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 7,714 வீதம் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 38,570. வட்டியை அப்படியே கிடக்கவிட்டால், 7 சதவீத வங்கி டெபாசிட்டின் 41,478ஐ விடக் குறைவு! ஆண்டுதோறும் எடுத்து வேறு டெபாசிட்டில் போடுபவருக்குத்தான் 7.5 முழுதாகப் பலிக்கும்.

ஆர்.டி.யில் வரும் சந்தேகம் வேறு. மாதம் 5,000 வீதம் ஓராண்டு கட்டி முடித்து, 60,000க்கு 7 சதவீதம் என்றால் 4,200 வர வேண்டுமே, 2,311தானே வந்திருக்கிறது என்று வங்கியில் சண்டை போடுவோர் உண்டு. முதல் தவணை பன்னிரண்டு மாதம் கிடக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம். அதனால் வட்டி ஏறக்குறைய பாதியாகத்தான் வரும்; வங்கி ஏமாற்றவில்லை.

டெபாசிட் ரசீது கைக்கு வந்ததும் முதிர்வுத் தொகை எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். உங்கள் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால், படிவத்தில் எந்த விருப்பத்தில் டிக் விழுந்திருக்கிறது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.