ஒருங்கல் நிறுவல்களை மீட்டல்: எண்சார் முறைப் பரீட்சையை முன்னோக்கி ஒரு திட்டம்

பொறியியல் மாணவர் ஒருவர் எண்சார் முறைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யுமிடத்து, ஒருங்கல் நிறுவல்களை ஒவ்வொன்றாக மனனஞ் செய்ய முற்படுவதே பொதுவழக்காகும். நிலைப்புள்ளி முறைக்கு ஒன்று, நியூற்றன் முறைக்கு ஒன்று, யாக்கோபி முறைக்கு ஒன்று என அவை தனித்தனிப் பக்கங்களிற் குறித்துக்கொள்ளப்படுகின்றன. எமது நோக்கில் இது உழைப்பை வீணாக்கும் வழி. மூன்றிலும் தொழிற்படுவது அடிப்படையில் ஒரே வாதமேயாகும். எனவே ஒரு வாரம் கையிலிருப்பின் அதன் முதல் மூன்று நாள்களையும் அந்த ஒரே வாதத்துக்கே ஒதுக்குதல் தகும்.

அவ்வாதத்தை முதலிற் கூறிக்கொள்வோம். f(x) = 0 என்னும் சமன்பாட்டை x = g(x) என மாற்றியமைத்து, ஒரு தொடக்கப் பெறுமானம் x₀ இலிருந்து xₙ₊₁ = g(xₙ) எனத் தொடர்ந்து கணிக்கின்றோம். g தொடர்ச்சியானதும் வகையிடத்தக்கதுமான சார்பாகும். [a, b] என்னும் ஆயிடையில் இரு நிபந்தனைகள் வேண்டப்படுகின்றன. ஒன்று, g அவ்வாயிடையின் எந்தப் புள்ளியையும் அவ்வாயிடைக்குள்ளேயே கொண்டுசேர்த்தல். மற்றையது, |g′(x)| ≤ k < 1 ஆகுமாறு ஒரு மாறிலி k இருத்தல். இவை நிறைவேறின் α என்னும் ஒரேயொரு நிலைப்புள்ளி உண்டு. தொடக்கம் ஆயிடைக்குள் எங்கிருப்பினும் xₙ அதனை நோக்கி ஒருங்கும். இதன் பொதுவடிவத்தைப் பனாக் 1922இல் வெளியிட்டார்.

முதல் நாளில் இந்நிறுவலை எழுதிப் பார்க்கும் மாணவர், ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அவ்வரி எந்த நிபந்தனையில் நிற்கின்றதென்பதைக் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறிக்கையில் ஓர் உண்மை வெளிப்படும். முதல் நிபந்தனை இரு தடவை பயன்படுகின்றது. நிலைப்புள்ளி உண்டென்பதை இடைநிலைப் பெறுமானத் தேற்றத்தால் நிறுவுகையில் அது ஒரு தடவை வருகின்றது. பின்னர் |xₙ − α| ≤ k|xₙ₋₁ − α| என எழுதுகையில், சராசரிப் பெறுமானத் தேற்றம் தரும் இடைப்புள்ளி ஆயிடைக்குள் இருப்பதற்கு xₙ₋₁ உம் உள்ளே இருந்தாக வேண்டும். அங்கு அது மீண்டும் வருகின்றது. இந்த இரண்டாவது பயன்பாட்டைச் சொல்லாது விடும் விடைகளே மிகப் பல. அடுத்தடுத்துப் பிரயோகித்து |xₙ − α| ≤ kⁿ|x₀ − α| எனப் பெற்றதும், k < 1 ஆதலின் வலப்பக்கம் பூச்சியத்தை அணுகுகின்றது.

இரண்டாம் நாள் ஒரு சமன்பாட்டுக்குரியது. x³ + x − 1 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம்; இதன் மூலம் ஏறத்தாழ 0.6823. இதனை x = 1 − x³ என எழுதின் [0, 1] அதனுள்ளேயே செல்கின்றது; ஆகவே முதல் நிபந்தனை நிறைவேறுகின்றது. ஆயின் மூலத்தில் |g′| ஏறத்தாழ 1.40. 0.7 இலிருந்து தொடங்கினால் 0.657, 0.716, 0.632, 0.747 என அலைவு விரிந்துகொண்டே போகின்றது. அதே சமன்பாட்டை x = 1/(1 + x²) என எழுதின், [0, 1] ஆனது [½, 1] இனுள் அடங்குகின்றது; |g′| இன் அதியுயர் பெறுமானம் x = 1/√3 இல் 0.6495. எனவே k = 0.65 எனக் கொள்ளலாம். 1 இலிருந்து தொடங்கினால் 0.5, 0.8, 0.610, 0.729 என அலைவு ஒடுங்குகின்றது. வழு 0.0001 இலும் மிகாதிருக்க எத்தனை படிகள் வேண்டும் என வினவப்படின், 0.65ⁿ ≤ 0.0001 என்பதிலிருந்து 22 படிகள் போதுமென விடை வரும். இங்கு தொடக்க வழு 1 இலும் மிகாதென்பதையும் எழுதுதல் வேண்டும்.

மூன்றாம் நாளில் நிபந்தனைகளை வேண்டுமென்றே முறித்துப் பார்த்தல் நன்று. g(x) = x/2 + 2 என்பதன் பெறுதி எங்கும் ½ தான்; ஆயினும் [0, 1] இல் அதற்கு நிலைப்புள்ளி இல்லை, ஏனெனில் அது 4 இல் இருக்கின்றது. இதனிலும் நுண்ணியது, g(x) = x + 1/x என்பதை 1 இலிருந்து மேற்செல்லும் முழு வீச்சிலும் நோக்குவது. 1 ஐவிடப் பெரிய ஒவ்வொரு x இலும் பெறுதி 0 இற்கும் 1 இற்கும் இடையில் நிற்கின்றது. சார்பும் அவ்வீச்சைவிட்டு வெளியேறுவதில்லை. எனினும் 1, 2, 2.5, 2.9 எனப் பெறுமானங்கள் எல்லையின்றி வளர்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் 1 இலும் குறைவு என்பதும், 1 இலும் குறைந்த ஒரே k எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும் என்பதும் வெவ்வேறு கூற்றுகள். இவ்வுதாரணத்தை ஒரு தடவை கையாற் கணித்தவர் k ஐ எழுத மறப்பது அரிது. (நிபந்தனையினின்று பிரித்தெடுத்த முடிபை மேற்கோளாகக் காட்டும் பழக்கம் இலக்கியத் திறனாய்விலும் உண்டு, அங்கு புள்ளிகள் குறைக்கப்படுவதில்லை.)

நான்காம் நாளில் நியூற்றன் முறைக்கு வரலாம். தெயிலர் விரிவிலிருந்து xₙ₊₁ − α = [f″(ξ)/(2f′(xₙ))](xₙ − α)² எனப் பெறுவது எளிது. இவ்வரியோடு நிறுவல் முடிந்ததென எண்ணுவதே தவறு. வழு வர்க்கமாகச் சுருங்குமென்பது வழு ஏற்கெனவே சிறிதாயிருந்தாற்றான் பயன்தரும். α இலிருந்து δ தூரத்துக்குட்பட்ட ஆயிடையில் |f″|/(2|f′|) இற்கு M என்னும் மேலெல்லை கண்டு, Mδ < 1 எனக் காட்டுதல் வேண்டும். அப்போது ஒவ்வொரு படியிலும் வழு குறைந்தது Mδ மடங்காகக் குறைகின்றது. முன்னைய வாதமே திரும்பி வருகின்றது.

மேலே கண்ட சமன்பாட்டுக்கு இதனைச் செய்து பார்ப்போம். [0, 1] இல் f″ = 6x ≤ 6; f′ = 3x² + 1 ≥ 1. ஆகவே M = 3. x₀ = 1 எனின் f(2/3) = −1/27 என எதிராதலால் α > 2/3; எனவே δ = 1 − α < 1/3, Mδ < 1. α இற்கு இருபுறமும் δ தூரம் கொண்ட ஆயிடை [0, 1] இனுள் அடங்குவதும் தெளிவு. மூலத்தின் பெறுமானத்தை அறியாமலே ஒருங்கல் நிறுவப்பட்டுவிட்டது. கணித்துப் பார்ப்பின் 0.75, 0.68605, 0.68234 என வந்து, மூன்றாம் படியிலேயே வழு 0.00001 அளவிற்கு இறங்கிவிடுகின்றது. மூலம் இரட்டைமூலமாயின் α இல் f′ பூச்சியமாகும். வர்க்க ஒருங்கல் அற்றுப்போய், ஒவ்வொரு படியிலும் வழு ஏறத்தாழப் பாதியாகவே குறையும்.

யாக்கோபி முறைக்கு ஐந்தாம் நாள் போதும். தாயத்தின் ஒவ்வொரு நிரையிலும் மூலைவிட்ட உறுப்பு ஏனையவற்றின் மட்டுக்களின் கூட்டுத்தொகையை விஞ்சுமாயின், அவ்விகிதங்களுட் பெரியதே k. நிரைகள் (4, 1, 1), (1, 5, 2), (1, 1, 3) எனின் விகிதங்கள் 1/2, 3/5, 2/3; ஆகவே k = 2/3. மாறிகளின் வழுக்களுள் மிகப் பெரியதை அளவாகக் கொண்டால், அது படிதோறும் k மடங்கிற்கு மேற்படாது. எஞ்சியவை முதல் நாள் எழுதிய வரிகளே. மூலைவிட்டம் விஞ்சாதவிடத்து முறை விரியும் என முடிவுகட்டலாகாது; இந்நிபந்தனை போதியதேயன்றி அவசியமானதன்று.

இறுதி இரு நாள்களிலும் புத்தகத்தை மூடிவைத்து, மூன்று நிறுவல்களையும் நேரங்குறித்து எழுதுதல் வேண்டும். எழுதியதைத் திருத்துகையில் முடிபைப் பார்க்க வேண்டியதில்லை; அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒவ்வொரு சமனிலியின் எதிரிலும் "இது ஏன்?" என வினவி, விடை தாளிலேயே உள்ளதா எனத் தேடுக. விடை மனத்தில் மட்டும் இருப்பின் அவ்வரியைச் சிவப்பு மையாற் கோடிட்டு, மறுநாட் காலையில் அவ்விடத்தை மாத்திரம் மீண்டும் எழுதுக.