மன்னிப்பு மின்னஞ்சலுக்கு மெய்ப்புப் பார்ப்பது எப்படி?

பொருள் தாமதமாவதற்கு மன்னிப்புக் கேட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் எழுத்துப்பிழையைவிட ஆபத்தான பிழைகள் மூன்று உண்டு. நடக்காததை நடந்ததாகச் சொல்வது ஒன்று. காப்பாற்ற முடியாத தேதியைக் கொடுப்பது இரண்டாவது. மன்னிப்பைப் போலத் தோன்றி மன்னிப்பாகாத வாக்கியங்கள் மூன்றாவது. ஒரே வாசிப்பில் இம்மூன்றும் கண்ணில் படுவதில்லை. அதனால் முதலில் தகவலுக்காகவும், பிறகு தேதிக்காகவும், கடைசியில் தொனிக்காகவும் தனித்தனியே படிப்பது நல்லது. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தகவல் திருந்தினால் தேதி மாறும். தேதி மாறினால் சொல்ல வேண்டிய விதமும் மாறும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். காஞ்சிபுரத்தில் உள்ள ஒரு பட்டுக் கடையில், மதுரைக்காரர் ஒருவர் மகளின் தலை தீபாவளிக்காக 2025 செப்டம்பர் 5 அன்று இணையவழியில் அரக்கு நிறக் கைத்தறிச் சேலை ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கிறார். செப்டம்பர் 26 அன்று கிடைக்கும் என்பது கடையின் வாக்கு. 25-ஆம் தேதி வியாழக்கிழமை, சேலை இன்னும் தறியில் இருக்கிறது. கடை ஊழியர் எழுதும் வரைவு இது:

“மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தவிர்க்க முடியாத காரணங்களால் தங்கள் ஆர்டரில் சற்றுத் தாமதம் ஏற்பட்டுள்ளது. தங்கள் சேலை தயாராகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை அனுப்பிவைக்கப்படும். ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். எங்கள் தீபாவளிச் சிறப்புத் தள்ளுபடியையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.”

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அனுப்பத் தகுந்த கடிதம் அல்ல.

முதல் வாசிப்பில், உண்மையா பொய்யா என்று சரிபார்க்கக்கூடிய ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிட வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், ஆர்டர் எண், நிறம், தொகை, முன்பு சொன்ன தேதி, தாமதத்தின் காரணம், பொருளின் இப்போதைய நிலை ஆகியவை அவை. கோடிட்ட ஒவ்வொன்றையும் அது பிறந்த இடத்தில் ஒப்பிட வேண்டும். பெயரும் எண்ணும் ஆர்டர் பதிவில் இருக்கும். சேலையின் நிலை நெசவாளருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்டால், ஊடை நூலில் சாயம் சீராக ஏறாமல் மறுபடி சாயமேற்ற வேண்டியிருந்தது என்றும், அதில் ஒரு வாரம் போனது என்றும், முந்தி நெய்வது இன்னும் பாக்கி என்றும் சொல்கிறார். ஆக, ‘தயாராகிவிட்டது’ பொய். ‘தவிர்க்க முடியாத காரணங்கள்’ என்பதும் விலக வேண்டும். சாயம் சரியில்லை என்று தெரிந்த அன்றே தகவல் சொல்லியிருக்க முடியும் என்பதால், தாமதத்தோடு அந்த மௌனத்துக்கும் கடைதான் பொறுப்பு. வரைவில் இல்லாததையும் கவனிக்க வேண்டும். ஆர்டர் எண் இல்லை. எந்தச் சேலை என்ற விவரம் இல்லை. இரண்டு சேலை வாங்கியவருக்கு எது தாமதம் என்றே புரியாது.

இரண்டாம் வாசிப்பு தேதிகளுக்கு மட்டும். ‘அடுத்த வியாழக்கிழமை’ என்று வரைவு சொல்கிறது. நாட்காட்டியைப் பார்த்தால் அது அக்டோபர் 2: காந்தி ஜெயந்தி, அந்த ஆண்டு விஜயதசமியும் அன்றுதான். முந்தின நாள் ஆயுத பூஜை. தறிக்குப் பூஜை போடும் நாளில் நெசவு இல்லை. எனவே தேதியை விருப்பத்திலிருந்து எழுதாமல் வேலையிலிருந்து கணக்கிட வேண்டும். செப்டம்பர் 29 திங்களன்று நெசவு முடியும். 30-ஆம் தேதி சேலையைச் சோதித்து மடிப்பார்கள். இரண்டு நாள் விடுமுறை கழித்து அக்டோபர் 3 வெள்ளியன்று கூரியரில் சேர்க்கலாம். ஞாயிறு நடுவில் வருவதால் மதுரையில் திங்கள், 6-ஆம் தேதி கிடைக்கும். கூரியர் தாமதத்துக்கு இரண்டு நாள் இடம் விட்டு, 8-ஆம் தேதி என்று எழுதுவது பாதுகாப்பு. ஒருமுறை தவறிய வாக்கு இரண்டாம் முறையும் தவறினால், மூன்றாவது கடிதத்தை நம்ப ஆளிருக்காது.

எழுதும் முறையிலும் சிக்கல் உண்டு. ‘அனுப்பப்படும்’ நாளை வாடிக்கையாளர் ‘கிடைக்கும்’ நாளாகவே படிப்பார். ஆகவே இரண்டையும் தனித்தனியே சொல்ல வேண்டும். ‘8-க்குள்’ என்றால் எட்டாம் தேதி சேர்ந்ததா என்ற ஐயம் வரும். ‘அக்டோபர் 8, புதன்கிழமை மாலைக்குள்’ என்றால் ஐயமில்லை. கிழமையையும் சேர்த்து எழுதுவதில் இன்னொரு நன்மை: தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் பிழை உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, வாடிக்கையாளரின் தேதியோடு ஒப்பிட வேண்டும். தீபாவளி அக்டோபர் 20. சேலை அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே வந்துவிடுகிறது. ஆனால் ரவிக்கை தைக்க வேண்டும். பண்டிகை நெருங்கினால் தையல்காரர்கள் புதிய துணி வாங்குவதில்லை. 8-ஆம் தேதி அவருக்குப் போதுமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். அதனால் காத்திருப்பதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்ற தேர்வைக் கடிதமே கொடுக்க வேண்டும். பணம் திரும்பும் நாளையும் கணக்குப் பிரிவைக் கேட்ட பிறகே எழுத வேண்டும். வாடிக்கையாளர் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால் சட்டத்தின் கெடுவும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

மூன்றாம் வாசிப்பை வாய்விட்டுப் படிப்பது நல்லது. ‘தாமதம் ஏற்பட்டுள்ளது’ என்ற வாக்கியத்தில் தாமதித்தவர் யாருமில்லை. ‘தாமதித்துவிட்டோம்’ என்பதில் இருக்கிறார். ‘ஏற்பட்டிருந்தால்’ என்பது சிரமத்தையே சந்தேகிக்கிறது. பன்னிரண்டு நாளை ‘சற்று’ என்பது, காத்திருப்பவருக்கு எரிச்சல் தரும். நெசவாளர் மேல் பழி போடுவதும் தவறு. பணம் வாங்கியது கடை. மறுபக்கம், நான்கு முறை மன்னிப்புக் கேட்டால் தேதி அதில் புதைந்துபோகும். ஒருமுறை, தெளிவாகக் கேட்டால் போதும். தள்ளுபடி விளம்பரத்துக்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை. திருந்திய கடிதம் இப்படி அமையும். ஆர்டர் எண் பொருள் வரியில் வரும்:

“வணக்கம் அம்மா. செப்டம்பர் 26 அன்று தருவதாகச் சொன்ன உங்கள் அரக்கு நிறப் பட்டுச் சேலையைத் தாமதித்துவிட்டோம். இதை முன்பே சொல்லாததும் எங்கள் தவறு. மன்னிக்க வேண்டுகிறோம். நூலில் சாயம் சீராக ஏறாததால் மறுபடி சாயமேற்றினோம். சேலை இப்போது தறியில் இருக்கிறது. அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை அனுப்புவோம். அக்டோபர் 8, புதன்கிழமை மாலைக்குள் உங்கள் கைக்குக் கிடைக்கும். ரவிக்கை தைக்க இந்தத் தேதி போதாது என்றால் இதற்குப் பதில் எழுதுங்கள். முழுத் தொகையையும் ஏழு வேலை நாட்களுக்குள் திருப்பித் தருகிறோம்.”

நெசவாளராலேயே முடியும் நாளைச் சொல்ல முடியாத நிலையும் வரும். அப்போது ஒரு தேதியைக் கற்பனை செய்யக் கூடாது. ‘செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை மாலைக்குள் நிலவரத்தை எழுதுகிறோம்’ என்று அடுத்த தகவலுக்கான தேதியைக் கொடுக்கலாம். அதைக் காப்பாற்றுவது கடையின் கையில் இருக்கிறது.

அனுப்புமுன் இன்னும் ஓர் இடத்தைத் திருத்த வேண்டும். ஆர்டர் பக்கமும் தானியங்கிக் குறுஞ்செய்தியும் பழைய 26-ஆம் தேதியையே காட்டினால், வாடிக்கையாளர் எதை நம்புவது? அங்கும் புதிய தேதியை ஏற்றி, கடையின் நாட்காட்டியில் அக்டோபர் 3, 8 ஆகிய இரண்டு நாட்களையும் குறித்த பிறகே கடிதம் போக வேண்டும்.